வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்ன டீச்சர்

பள்ளிக்கூட அதிபர் பதவிக்கான சோதினைக்கு இருபது நாள்தான் கிடந்தது. வயசு எல்லையால எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. படிக்க நேரம் எண்டால், குறிகட்டுவானிலயிருந்து நான் படிப்பிக்கிற நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்குக் கடல்ல போய்வாற போட்டுக்குள்ள மட்டும்தான்.

தம்பி வெளிநாட்டிலயிருந்து மின்நூல் வாசிக்கிற ஒரு ஈ-ரீடர் அனுப்பியிருந்தான். அதில பத்துப் பக்கம் வாசிக்க முதலே கண் எரியும், தலையிடிக்கும். எழுத்து அவ்வளவு மெலிசு. திருப்பிவிட்ட பக்கத்தின்ர எழுத்தும் போகாமல் அடியில சாம்பலாய்க் கிடக்கும். தெளிவாய்த் தெரியட்டும் எண்டு வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினன், எரிவுதான் கூடினது. "விசர்ச் சாமான்!" எண்டு பைக்குள்ள எறிஞ்சன். சோதினையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு சும்மாவே சொன்னவை?

பக்கத்தில இருந்தவ எங்கட விஞ்ஞான டீச்சர். அவவும் அதே சோதினைக்குப் படிக்கிறவ. அதிபர் இடங்கள் கொஞ்சம்தான், அதால அவ வந்திருந்தாலே நான் திரையைச் சரிச்சு மறைக்கிறனான். வெக்கக்கேடு, ஆனால் உண்மை.

"தாங்கோ சேர், பாப்பம்" எண்டா.

தன்ர பாடக்குறிப்புக் கொப்பியின்ர வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில வைச்சா. போட்டின்ர உள்பக்கம் இருட்டு. வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கி, திரை அந்தத் தாள் மாதிரியே வர நிப்பாட்டினா. "இருட்டுக்குள்ள இதைவிடக் கூடினால் கண்ணைக் குத்தும். மேல்தட்டில வெயிலுக்க இருந்தால் லைற்றே தேவையில்லை." பிறகு எழுத்தின்ர தடிப்பை ரெண்டு படி கூட்டினா. "எழுத்து மெலிசு எண்டுதான் நீங்கள் வெளிச்சத்தைக் கூட்டினனீங்கள். நல்லகாலம் இது பிடிஎஃப் இல்லை, அதெண்டால் இப்பிடித் தடிப்பிக்க ஏலாது." கடைசியாய், ஒவ்வொரு பக்கத்துக்கும் திரை முழுக்கப் புதுப்பிக்க வைச்சா. பக்கம் திருப்ப ஒருக்கால் கறுப்பாய் மின்னினது, பழைய எழுத்து அழிஞ்சு போச்சு. "மின்னல் எரிச்சலாய்க் கிடந்தால் சொல்லுங்கோ, சில பக்கத்துக்கு ஒருக்கால் மாத்தலாம். சார்ஜும் கொஞ்சம் கூட இறங்கும்."

நெடுந்தீவு வரும்வரைக்கும் வாசிச்சன். கண் எரியேல்லை. அடேயப்பா, என்ன மூளை!

"டீச்சர், நாங்கள் ரெண்டுபேரும் போட்டியெல்லோ? பேசாமல் விட்டிருந்தால் நான் விலகியிருப்பன்."

"ஓம், தெரியும். கண் எரியிற ஆளை வெண்டு எனக்கென்ன பெருமை, சேர்?"

அவவின்ர கையில சோதினைக்குப் படிக்கிற போட்டோக்கொப்பி, உப்புத்தண்ணியில ஊறிக் கிழிஞ்சு கிடந்தது. அதை அப்பதான் ஒழுங்காய்ப் பாத்தன். ஈ-ரீடரை அவவின்ர மடியில வைச்சன். "காலமை உங்களுக்கு, பின்னேரம் எனக்கு."

சோதினையில எடுபட்டது அவ. நான் ஒரு கொஞ்சத்தால விட்டிட்டன். ரெண்டு நாள் நான் போட்டில மற்றப் பக்கம் போய் இருந்தன். மூண்டாம் நாள் போட்டுக்குள்ள அவவுக்குப் பக்கத்தில போயிருந்து, "உங்களைவிட நல்ல அதிபர் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கும் கிடைக்காது" எண்டு சொன்னன். மனசாரத்தான் சொன்னன்.