பார்த்தேன், நிறுத்தவில்லை

நாற்பத்தேழாம் எண் பஸ்ஸைப் பதினோரு வருடம் ஓட்டியதில் அவளுக்குப் பெயரே நாற்பத்தேழு என்று ஆகிவிட்டது. "எனக்கு முப்பத்தெட்டுதான் ஆகுது, பேருல ஏன் வயசைக் கூட்டறீங்க" என்று ஆரம்பத்தில் டெப்போவில் சண்டை போட்டுப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. பிறகு அவளே போனை எடுத்தால் "நாப்பத்தேழு பேசறேன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அந்த வாரம் ஊர் முழுவதும் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. பதினேழு வினாடி. ஒரு பெண் நெஞ்சோடு ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டு ஓடி வருகிறாள். நிறுத்தத்தை விட்டு நகரும் பஸ்ஸின் பக்கவாட்டை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டுகிறாள். பஸ் போய்விடுகிறது. எதிர்க் கடைக்காரர் எடுத்தது. அந்தப் பெண்ணின் அப்பா, கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அதைப் பதிவாகப் போட்டிருந்தார். மகள் நுழைவுத் தேர்வுக்குப் போனவள். இருபது நிமிடம் தாமதம் என்று உள்ளே விடவில்லை. ஒரு வருடம் வீணாயிற்று. ஓடி வருகிறவரைப் பார்த்தால் பஸ் நிற்க வேண்டும் என்று விதி கொண்டுவரச் சொல்லி ஒரு மனுவும் அதன் கீழே இருந்தது. இரண்டே நாளில் நாலாயிரம் கையெழுத்து. திங்கட்கிழமை அதைப் பற்றி முடிவு செய்வதாகப் போக்குவரத்து அலுவலகம் அறிவித்துவிட்டது.

வீடியோவில் ஓட்டுநரின் முகம் தெரியவில்லை. ஓட்டியது அவள்தான்.

வெள்ளிக்கிழமை மதியம், இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே, டெப்போவின் ஓய்வறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். அதே வீடியோவை அவளுடைய அக்காவும் பகிர்ந்திருந்தாள். மேலே ஒரு வரி: "இந்த டிரைவர் வீட்டில் பெண்பிள்ளையே கிடையாதா?"

அக்காவும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்த வீட்டில் பெண்பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் கிடையாது.

டப்பாவை மூடிவிட்டு எழுத ஆரம்பித்தாள். கையில் போன் இருந்தால் எல்லாருக்கும் நீதிபதி என்று நினைப்பு, ஸ்டியரிங்கை ஒருநாள்கூடத் தொட்டுப் பார்க்காத கூட்டம் பஸ் ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்துவிட்டது என்று முதல் இரண்டு வரி. அதற்குப் பிறகுதான் விஷயம். எழுதியதை ஓட்டுநர்களின் குழுவில் போட்டாள். கைதட்டும் பொம்மைகள் குவிந்தன. "போடு. நாக்கைப் பிடுங்கிக்கணும் அவனுங்க" என்றார் பன்னிரண்டாம் எண் ஓட்டுநர், எதற்கெடுத்தாலும் ஹாரன் அடிப்பதால் ஹாரன் என்று பெயர் வாங்கியவர்.

டெப்போ கண்காணிப்பாளர் கதவருகே வந்து நின்றார்.

"எழுதணும்னா எழுதும்மா. ஆனா நான் பாக்கலன்னு எழுதிடு. கண்ணாடியில தெரியலன்னா அதோட முடிஞ்சுது."

"பாத்தேன் சார்."

"அது எனக்கும் உனக்கும் தெரிஞ்சா போதும்."

"பாக்காம ஓட்டினேன்னு எழுதறதுக்கு, எழுதாமலே இருக்கலாம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலை, அக்கா பல் மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். அங்கே பதினைந்து வருடமாக உதவியாளர் வேலை. "இதைப் படி" என்று தங்கை போனை நீட்டினாள். அக்கா வாங்கினாள். அரை நிமிடம் கூட ஆகவில்லை, திருப்பிக் கொடுத்தாள்.

"படிச்சிட்டியா?"

"இல்ல. ரெண்டாவது வரியோட போதும்னு ஆயிடுச்சு. நானும் அந்த வீடியோவைப் போட்டேன். நான் கூட்டமா? நீதிபதியா?"

"அஞ்சாவது வரியிலதான்க்கா விஷயமே இருக்கு."

"இருக்கட்டும். எங்க டாக்டர் ஆளைத் திட்டிட்டு வாயைத் திறங்கன்னு சொன்னா எவன்டி திறப்பான்?"

"அந்த பஸ்ஸை ஓட்டினது நான்தான்."

அக்கா பையைக் கீழே வைத்தாள். பிறகு, "நிஜமாவே பாத்தியா அந்தப் பொண்ணை?" என்றாள்.

"பாத்தேன்."

"பாத்துமா நிறுத்தல?"

"நிறுத்தல. ஏன்னு இதுலதான் எழுதியிருக்கேன். நீதான் ரெண்டாவது வரியில இறங்கிட்டியே."

அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அவள் சொன்னது உள்ளே உட்கார்ந்துகொண்டது. குழுவில் கைதட்டியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே அவள் பக்கம் இருப்பவர்கள். அவர்களுக்காகவா எழுதினாள்? அந்த நாலாயிரம் பேரும் அக்காவைப் போல இரண்டாவது வரியில் இறங்கிவிட்டால், திங்கட்கிழமை விதி வந்துவிடும். நகரும் பஸ்ஸை நோக்கி ஓடலாம் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். அந்த பஸ்களில் ஒன்றை ஓட்டப்போவது அவள்.

மாலையில் இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு வரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று எழுதினாள்: "ஓடி வருகிற யாருக்காகவும் பஸ் எப்போதும் நிற்க வேண்டும் என்கிறார்கள்."

"யார் சொன்னா?" என்றாள் அக்கா. "எப்பவும்னு நான் சொல்லல. பின்னாடி ஆள் வர்றது தெரியுது, பத்து செகண்டு நின்னா உனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது, ஆனா அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம். அதுதான் நான் சொல்றது. நான் சொல்லாததைச் சொன்னேன்னு வெச்சு என்னை ஜெயிக்காத."

அக்கா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். தன் வாதத்தைவிட அது பலமாக இருந்தது. எரிச்சலாக வந்தது. ஆனால் அழிக்கவில்லை.

"ஓட்டுநர்களுக்கு இதயம் இல்லை என்கிறார்கள்னு ஒரு வரி போட்டிருந்தேனே, அது?"

"அது நாலு பேர் சொன்னது. கண்ணாடிக் கடைக்காரர் சொல்லலயே."

அதுவும் போயிற்று. பதிவு கடைசியில் இப்படி நின்றது:

"வீடியோவில் உள்ள பஸ்ஸை ஓட்டியது நான். பத்து வினாடி நின்றால் எனக்கு ஒன்றும் குறையாது, அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் மிஞ்சியிருக்கும் என்று பலர் சொல்கிறீர்கள். அந்த இழப்பு உண்மை. அதைக் கண்டு கோபப்படுவது நியாயம். என் அக்காவும் உங்களோடுதான் இருக்கிறாள். ஆனாலும் நீங்கள் கேட்கும் விதி தவறு என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நிறுத்தவில்லை. கதவை மூடி, சக்கரத்தைச் சாலைப் பக்கம் திருப்பியதும், பஸ்ஸின் பின்பகுதி நடைபாதைப் பக்கம் ஒதுங்கி வரும். ஓடி வருகிறவர் அந்த இடத்தில்தான் இருப்பார். கதவை எட்டிவிட்டால் முன்சக்கரத்துக்குப் பக்கம்; அங்கே என் கண்ணாடியில் அவர் தெரியமாட்டார். முன்பெல்லாம் நானும் நிறுத்துவேன். ஏழு வருடம் முன்பு அப்படி ஒருவருக்காகப் பிரேக் போட்டபோது, உள்ளே நின்றிருந்தவர் கம்பியில் மோதி மணிக்கட்டு உடைந்தது. ஓடி வந்தவர் நன்றி சொன்னார். மணிக்கட்டு உடைந்தவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

நகர்ந்த பஸ் நிற்கும் என்று விதி போட்டால், நகர்ந்த பஸ்ஸை நோக்கி எல்லோரும் ஓடுவார்கள். நாளைக்கும் நான் நிறுத்தமாட்டேன். என் கணக்கில் எங்கே தப்பு என்று சொல்லுங்கள், பதில் சொல்கிறேன்."

அக்கா கடைசி வரி வரைக்கும் படித்தாள். "எனக்கு இன்னும் நீ நிறுத்தியிருக்கணும்னுதான் தோணுது" என்றாள்.

"ஆனா முழுசாப் படிச்சே."

"படிச்சேன். போடு."

போட்டாள். முதல் ஒரு மணி நேரம் வசவுதான். பொறுமையாகப் படித்து, கேள்வி இருந்தால் மட்டும் பதில் எழுதினாள். "கொலைகாரி, கண்ணாடியை மாற்றித் தொலைக்க வேண்டியதுதானே" என்று ஒருவர் போட்டிருந்தார். முதல் சொல்லைத் தாண்டிவிட்டு, "கண்ணாடியைப் பெரிதாக்கினாலும் முன்சக்கரத்தை ஒட்டிய ஓரடி தெரியாது. கேமரா வைத்தால் தெரியும், எங்கள் பஸ்களில் இல்லை" என்று எழுதினாள். இன்னொரு பதிலில் பஸ் நீளத்தைப் பற்றி அவள் சொன்ன ஒரு எண் தவறு என்று ஒருவர் காட்டினார். "நீங்கள் சொல்வது சரி, திருத்திவிட்டேன்" என்று எழுதித் திருத்தினாள். திருத்தும்போது நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஹாரன் வந்தார். அவள் பதிவின் கீழே, அவளுக்கு ஆதரவாக: "சோம்பேறிப் பொண்ணு. பரீட்சைன்னா சீக்கிரம் எழுந்திருக்கத் தெரியாதா? அப்பன் வளர்த்த லட்சணம்." ஐந்து நிமிடத்தில் நூறு பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். அவளுக்குக் கிடைத்த முதல் கூட்டம் அதுதான்.

"இவரை என்ன பண்ணப் போற?" என்றாள் அக்கா, அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

"நம்ம ஆளுக்கா."

"அதனாலதான் கேக்கறேன்."

அவள் எழுதினாள்: "அண்ணே, அந்தப் பெண் தாமதமாக வரவில்லை. எனக்கு முன்னால் வர வேண்டிய பஸ் அன்று வரவே இல்லை. யாருக்கும் அறிவிக்கவும் இல்லை. அவள் அந்த நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, விசாரிக்க எதிர்க் கடைக்குப் போன நேரத்தில் நான் வந்தேன் என்று அன்று அங்கே ஏறியவர்கள் சொன்னார்கள். அவளையும் அவள் அப்பாவையும் பற்றி இப்படிப் பேசுவது இங்கே வேண்டாம். நான் சொல்வது விதியைப் பற்றி."

ஹாரன் உடனே போனில் கூப்பிட்டார். "உனக்காகப் பேசினா என்னையே போட்டுத் தாக்கறியா?"

"உங்களை ஒண்ணும் சொல்லலண்ணே. அந்த வரியை எடுத்துடுங்க."

"எடுக்கலன்னா?"

"இருக்கட்டும். அதுக்குக் கீழே என் பதிலும் இருக்கும்."

டெப்போவில் அன்றிலிருந்து நாலு பேர் அவளோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடைக்காரர் அந்தப் பதிலின் கீழே எழுதினார்: "முக்கால் மணி நேரம் நின்றாள் என்று இதுவரை என் மகளைத் தவிர யாரும் சொல்லவில்லை. நீங்கள் நிறுத்தியிருக்க வேண்டும் என்ற கருத்தில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் முந்திய பஸ் வராததைப் பற்றி நான் மனுவில் எழுதவே இல்லை. எழுதுகிறேன்."

எழுதினார். திங்கட்கிழமை அலுவலகத்துக்குத் தன் மனுவோடு அவள் பதிவையும் அச்செடுத்துக் கொண்டுபோனார். தன் நியாயம் அதில்தான் தெளிவாக இருக்கிறது என்று அங்கே சொன்னாராம். நகர்ந்த பஸ்ஸை நிறுத்தும் விதி வரவில்லை. பஸ் வராவிட்டால் நிறுத்தத்தில் அறிவிக்க வேண்டும், அடுத்த பஸ் கதவைத் திறந்து அரை நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கண்காணிப்பாளர் அதை அவளிடம் கொடுத்துவிட்டு, "உன்மேல விசாரணையும் இருக்கு. பாத்தேன்னு நீயே எழுதிட்டியே" என்றார்.

"வரேன் சார். அங்கேயும் அதையேதான் சொல்வேன்."

விதி வராததில் நாலாயிரம் பேரில் பாதிப் பேருக்குக் கோபம் தீரவில்லை. "நீதானே அந்த டிரைவர்?" என்று ஒருவர் ஏறும்போதே கேட்டார். "நான்தான், உள்ள போய் கம்பியைப் பிடிச்சுக்கங்க" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு காலை, பல் மருத்துவமனை இருக்கும் தெருவுக்குப் போகிறவர்கள் ஏறும் நிறுத்தம். கதவை மூடி, சக்கரத்தைத் திருப்பிவிட்டாள். கண்ணாடியில் ஒரு பெண் பையோடு ஓடி வருவது தெரிந்தது. அக்கா.

கால் பிரேக்கைத் தேடியது. காலை எடுத்துத் திரும்ப ஆக்ஸிலரேட்டரில் வைத்தாள். கண்ணாடியில் அக்கா நாலு அடி ஓடினாள், சட்டென்று நின்றாள், ஒதுங்கி வரும் பின்பகுதியைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பஸ் திருப்பத்தில் மறையும் வரை முறைத்துக்கொண்டு நின்றாள்.

மாலையில் கதவைத் திறந்ததும் அக்கா கேட்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நிறுத்தல."

"நிறுத்தல."

"எனக்கு அரை மணி லேட்டு. டாக்டர் கிழிச்சு எடுத்துட்டார். நாளைக்கு இதையும் ஒரு பதிவாப் போடப்போறேன்."

"போடு. முதல் ரெண்டு வரியை மட்டும் எனக்குக் காட்டிட்டுப் போடு."