வாங்கும் பொத்தானுக்கு மேலே ஒரு கை

கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பது கிருஷாந்தியின் தொழில். ஹேவாஹெட்டவில் தோட்டத்து வீட்டிலிருந்தே செய்கிறாள். பிலிமத்தலாவையில் பித்தளைக் கடை வைத்திருக்கும் றெஜினோல்டிடமிருந்து ஒரு காலை மின்னஞ்சல் வந்தது.

‘மிஸ், மெழுகுதிரிக் கால் விற்கும் பக்கத்தை மாற்ற வேண்டும். போனில் பார்ப்பவர்கள் வாங்கும் பொத்தானைக் காண நாலைந்து தரம் கீழே தள்ள வேண்டியிருக்கிறது. பலர் அதற்குள் போய்விடுகிறார்கள். படம், பெயர், விலை, உடனே பொத்தான். அதையொட்டி எத்தனை நாளில் வந்து சேரும் என்பது. நீண்ட விளக்கம் கீழே போகட்டும். முதல் படத்தை எடுத்துவிடுங்கள், மங்கலாக இருக்கிறது.’

கேட்டதில் தவறில்லை. ஆனால் அந்த விளக்கத்தை எழுதியவள் அவருடைய மனைவி ஷெரோன். படத்தில் மெழுகுதிரிக் காலைப் பிடித்திருப்பதும் அவள் கைதான். தை மாதம் இறந்துபோனாள். இரண்டு வருடம் வாரந்தோறும் போனில் பேசியும் கிருஷாந்தி அவளை நேரில் கண்டதில்லை.

பக்கத்தின் பிரதியொன்றில் வேலையைத் தொடங்கினாள். மலையில் மூடுபனி, சிக்னல் மிகக் குறைவு. முதல் படம் வரவில்லை. படம் இருக்க வேண்டிய வெற்றுக் கட்டத்தில் எழுத்து மட்டும் தெரிந்தது. பார்வையற்றவர்களுக்காகப் படத்தோடு சேர்த்து எழுதிவைக்கும் குறிப்பு அது. ஷெரோனே எழுதியிருந்தாள்:

‘மெழுகுதிரிக் காலைப் பிடித்திருக்கும் என் இடது கை. இப்போதெல்லாம் நடுங்குகிறது. மன்னிக்கவும்.’

யாரோ தோளுக்குப் பின்னால் நின்று சொன்னதுபோல் இருந்தது. கிருஷாந்தி திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த நாள் பஸ் ஏறி பிலிமத்தலாவைக்குப் போனாள்.

“வாங்க மிஸ். போன்லயே சொல்லியிருக்கலாமே,” என்றார் றெஜினோல்ட்.

“இத நீங்க வாசிக்கணும் சேர்,” என்று ஷெரோனின் குறிப்பைத் தன் போனில் காட்டினாள்.

வாசித்தார். கதிரையில் உட்கார்ந்து மறுபடி வாசித்தார்.

“கமரா சரியில்லன்னுதான் எங்கிட்ட சொன்னா. ஒரு படம் ஒழுங்கா எடுக்கத் தெரியாதான்னு ஏசினேன்.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “டொக்டர்கிட்ட போனது அதுக்கு மூணு மாசம் கழிச்சு.”

 படத்தை என்ன செய்வது என்று கிருஷாந்தி கேட்டாள்.

“பொத்தான் மேல வரட்டும், கடை நடக்கணும். தெளிவான படம் ஒண்ணு முன்னுக்குப் போடுங்க. இது ரெண்டாவதா இருக்கட்டும். அவ எழுதின ஒரு சொல்லும் அழிய வேணாம்.”

அப்படியே செய்தாள். அந்த மாதமே ஓடர் கூடியது. விளக்கம்வரை இறங்கி வாசிப்பவர்கள் மட்டும் குறைந்தார்கள். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், ஒருத்தியைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டதுபோல் அவளுக்குத் தோன்றியது.

பிறகொரு நாள் மன்னாரிலிருந்து ஒரு பெண் அந்த இணையப் பக்கத்தில் கேள்வி போட்டிருந்தாள்: ‘இரண்டாவது படம் மங்கலாக இருக்கிறதே, அதில் பிடித்திருப்பவருக்குக் கை நடுங்குகிறதா? என் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.’

மூன்று நாள் பதிலில்லை. நான்காம் நாள் றெஜினோல்ட் எழுதியிருந்தார்: ‘ஓம். எனக்குத் தெரியாமல் போயிற்று. அம்மாவை உடனே டொக்டரிடம் கூட்டிப்போங்கள்.’