தொடையில் எழுதும் விரல்

ஃபிளோரா பேச்சு கேட்கும்போது அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல் தொடையின்மேல் ஏதோ எழுதிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொன்னாலும், மாதா கோவிலில் சாமியார் பிரசங்கம் செய்தாலும், யாராவது சண்டை போட்டாலும் அந்த விரல் ஓடும். சொல் முடியும் இடத்தில் ஒரு கணம் நின்று யோசிக்கும். பிறகு ஒரு சிறு கோடு கூடுதலாக இழுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகும். பதினோரு வருடமாக அவளைத் தெரியும். அந்த விரல் நின்று யோசிப்பதைத்தான் முதலில் கவனித்தேன். அது என்ன யோசிக்கிறது என்று புரிய எனக்கு நாளானது.

இரண்டாயிரத்து மூன்றில் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் அவள் வேலை பார்த்தாள். ஜெராக்ஸ், தட்டச்சு, இரண்டு கம்ப்யூட்டர், கண்ணாடிக் கதவு போட்ட டெலிபோன் கூண்டு ஒன்று. முதலாளி தியாகராசன் அண்ணன். நான் ஒரத்தநாட்டுப் பக்கம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பி.காம். முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் அந்தக் கடைக்கு பயோடேட்டா அடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அடித்துக் கொடுத்தவள் ஃபிளோரா.

அப்போது பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி புதிதாக ஆள் எடுத்தது. பிரான்சில் இருக்கிற டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அது கம்ப்யூட்டர் வழியாக இங்கே வரும். கேட்டு அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலைக்கு ஒரே பரீட்சைதான்: டிக்தே. நம் பள்ளிக்கூடத்தில் 'சொல்வதை எழுதுதல்' என்போமே, அது.

நாங்கள் இருவரும் ஆயிஷா டீச்சரிடம் பிரெஞ்சு படித்தோம். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வருவார். வகுப்பிலேயே அழகாக வாசிப்பவள் ஃபிளோராதான். ஆனால் பாண்டிச்சேரி பரீட்சையில் முதல் தடவை அவள் தேறவில்லை.

காரணம் அவளுடைய புத்தகத்திலேயே இருந்தது. ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லுக்கும் அடியில் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்திருந்தாள். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் செய்தோம். வாசிக்க அது உதவியது. எழுதும்போது காலை வாரியது. பிரெஞ்சில் எழுதுகிற எழுத்தெல்லாம் வாயில் வராது. 'நோயாளி வருகிறார்' என்பதற்கு le malade arrive. 'நோயாளிகள் வருகிறார்கள்' என்பதற்கு les malades arrivent. எழுத்தில் மூன்று சொல்லும் மாறிவிடுகிறது. காதில் மாறுவது முதல் சொல் மட்டும்தான், 'ல' என்பது 'லே' ஆகும். மற்ற இரண்டும் அப்படியே 'மலாத் அரீவ்'. அவள் பென்சிலால் எழுதிய தமிழில் கடைசி எழுத்துகளுக்கு இடமே இல்லை.

"வாயில வராத எழுத்தை எதுக்கும்மா எழுதுறாங்க?" என்று தியாகராசன் அண்ணன் கேட்டார். "ஜெராக்ஸுக்கு மை வீணு."

"நீங்க அரை கிலோவுக்கும், வீட்டு அறைக்கும் வேற வேற 'ர' போடுறீங்களாண்ணே?" என்று ஃபிளோரா திருப்பிக் கேட்டாள்.

"போடுவேன்."

"சொல்லிக் காட்டுங்க பாப்போம்."

அண்ணன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலத்தான் வந்தது. "சரி, டீ சொல்லவா?" என்று பேச்சை மாற்றினார்.

அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்துத்தான். அந்த வருடம் மேட்டூரிலிருந்து தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. அவள் அப்பா பெரியநாயகசாமி திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் குத்தகைக்குப் பார்த்த நிலத்தில் தொடர்ந்து குறுவை இல்லை, சம்பா நாற்று நாற்றங்காலிலேயே கருகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். இந்தத் தடவையும் தேறாவிட்டால் அவர்களும் கிளம்புவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தது. அதைச் சொன்னபோதும் அவள் விரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

முதலில் அவள் செய்தது, ரப்பர் எடுத்துப் புத்தகத்தின் தமிழ் வரிகளை எல்லாம் அழித்தது. அன்று முழுக்க கவுண்ட்டர் மேல் ரப்பர் துகள். பிறகு எனக்கும் அவளுக்கும் ஒரு ஒப்பந்தம்: தினமும் சாயங்காலம் அவள் வாசிக்க நான் எழுதுவது, நான் வாசிக்க அவள் எழுதுவது. ஒன்றுக்கு ஒன்று.

ஒலியில் வராத எழுத்தைப் பிடிக்க ஆயிஷா டீச்சர் ஒரு வழி சொல்லித் தந்திருந்தார். சொல்லுக்கு ஒரு உறவுக்காரச் சொல்லைக் கூட்டி வா, அது சொல்லிவிடும் என்பார். பல்லுக்கு dent, கடைசி t வாயில் வராது. பல் டாக்டர் dentiste, அதில் அந்த t கணீரென்று கேட்கும். இரத்தம் sang, g ஊமை. 'இரத்தத்துக்குரிய' என்கிற sanguin-இல் g பேசும். ஆனால் 'எப்போதும்' என்கிற toujours போன்ற சொல்லின் கடைசி s-க்கு உறவே கிடையாது. அதை எழுதி எழுதித்தான் கைக்குப் பழக்க வேண்டும்.

வாரம் போகப் போக ஃபிளோராவின் தப்புகள் குறைந்தன. பிறகு கிட்டத்தட்ட இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது. அப்போது ஒரு சனிக்கிழமை டீச்சரே வாசித்தார். ஃபிளோராவின் தாள் முழுக்கச் சிவப்பு.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். "வானதி, நேத்து வாசிச்ச அதே பத்தியை வாசி."

வாசித்தேன்.

"நிறுத்து. malades சொல்றப்ப கடைசியில என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணலையே."

"பண்ற. நாக்கை லேசா பல்லுல வக்கிற. arrivent-ல வாயை மூடாம கொஞ்ச நேரம் வச்சிருக்க. எனக்கு எழுத்தைக் காட்டிக் குடுக்குற."

உண்மைதான். எனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளியில் வாத்தியார் 'வள்ளல்' என்று சொல்லும்போது நாக்கை மடித்து மேலே ஒட்டி, எந்த 'ள' என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார். 'பறவை'யில் தொண்டையை இறுக்குவார். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் இன்னும் அதிகம். பிள்ளைகள் மேல் இருந்த பிரியத்தால்தான் அப்படிச் செய்தார். நானும் அப்படியே படித்து, அப்படியே தேறி, பட்டமும் வாங்கிவிட்டேன். எனக்குத் தெரிந்தவற்றில் எவ்வளவு நானே கேட்டுப் பிடித்தது, எவ்வளவு பிறர் வாயசைவில் பார்த்துக்கொண்டது என்று அன்று பஸ்ஸில் போகும்போது கணக்குப் பார்த்தேன். கணக்கு சரியாக வரவில்லை.

"அங்க டாக்டர் காட்டிக் குடுக்க மாட்டாரு," என்றாள் ஃபிளோரா. கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"அப்ப டேப்புல கேட்டு எழுது. நான் வாசிக்கவே வேணாம்."

"ஒரே குரலுக்குப் பழகினா அந்தக் குரல்தான் எழுத வரும். உன் வாயும் வேணும். ஆனா உனக்கு எழுத்து தெரியக் கூடாது."

அவள் கண்டுபிடித்த வழியை இன்றைக்கும் நினைத்து வியக்கிறேன். டீச்சரிடம் பத்திகளைக் கேசட்டில் பேசி வாங்கினாள். எழுத்து வடிவத் தாள்களைத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். நான் டெலிபோன் கூண்டுக்குள் உட்கார்ந்து, காதில் வாக்மேன் மாட்டி, ஒரு துண்டு கேட்டு, நிறுத்தி, கேட்டதைக் கேட்டபடி கதவு வழியாகச் சொல்ல வேண்டும். என்ன எழுத்து என்று எனக்கே தெரியாதபோது நான் எதைக் காட்டிக்கொடுக்க முடியும்?

"உள்ள உக்காந்து யாருக்கும்மா ஃபோன்?" என்று வந்தவர்கள் கேட்பார்கள்.

"பாரீசுக்கு," என்பார் அண்ணன். "லைன் கிடைக்கல. ஆறு மாசமா முயற்சி பண்றாங்க."

முதல் தடவை முழுப் பத்தியையும் சொல்லும்போது ஃபிளோரா பேனாவைத் தொடமாட்டாள். யார், எத்தனை பேர், என்ன நடந்தது என்று மட்டும் கேட்பாள். விரல் தொடையில் ஓடும். இரண்டாவது தடவை துண்டு துண்டாகச் சொல்ல, எழுதுவாள். கமா, முற்றுப்புள்ளி, புது வரி எல்லாவற்றையும் பிரெஞ்சிலேயே சொல்ல வேண்டும், டாக்டர்களும் அப்படித்தான் சொல்வார்கள். மூன்றாவது தடவை முழுதாகச் சொன்ன பிறகு, ஒவ்வொரு வினைச்சொல்லிலும் விரலை வைத்து, 'யாரு?' என்று கேட்டுக்கொண்டே பின்னால் போய் எழுவாயைத் தேடுவாள். பலர் என்றால் வினையின் முடிவில் அந்த ஊமை எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்ப்பாள். பிறகுதான் இழுப்பறை திறக்கும். ஒலியே தப்பாக இருந்தால் என் காதின் தப்பு. ஒலி சரியாக இருந்து எழுத்து விட்டுப்போனால் அவள் கையின் தப்பு. சண்டையே இல்லாமல் பிரித்துக்கொண்டோம்.

எல்லாம் மறுபடி அடியிலிருந்து தொடங்கியது. தாளில் சிவப்பு குறைய நாளானது. கடைசி வாரங்களில் நான் மட்டும் சொல்லி, அவள் மட்டும் எழுதினாள்.

"உனக்குப் பாக்கி ஏறுதுடி," என்பாள்.

"முதல்ல தேறு."

பரீட்சை அன்று நானும் போனேன். எனக்கும் விண்ணப்பம் இருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு டாக்டரின் நிஜக் குரல், அவசரமாக, நடுவில் இருமலோடு. முதல் தடவை ஓடும்போதே அறை முழுக்கப் பேனாக்கள் சரசரத்தன. என் பேனாவும்தான். பக்கத்து வரிசையில் ஃபிளோரா மட்டும் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வைக்கு நின்றவர் அவள் உடம்புக்கு என்னவோ என்று கிட்டே வந்து பார்த்தார். விரல் தொடையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் திருப்பூர் போகப்போவதில்லை என்று.

முடிவு கடைக்குத்தான் போனில் வந்தது. அண்ணன் எடுத்தார். "ஃபிளோரா பேரு இருக்காம். வானதி பேரு இல்லையாம்," என்று ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு மெல்லச் சொன்னார். ஃபிளோரா முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் சிரித்தேன். சிரிக்க முடிந்தது. அவள் அப்பா அந்த வருடம் திருப்பூருக்குப் பதில் மகளோடு பாண்டிச்சேரிக்குப் போனார். மறு வருடம் ஆற்றில் தண்ணீர் வந்ததும் நிலத்துக்குத் திரும்பிவிட்டார்.

நான் கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தேன். பிரெஞ்சு அப்படியே நின்றுபோனது. அது வீணா என்று சில நேரம் கேட்டுக்கொள்வேன். ஒருவர் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டுப் பேனா எடுக்கிற பழக்கம் மட்டும் தங்கியிருக்கிறது. ஆபீசில் அதற்கு எனக்கு 'நிதானம்' என்று பெயர்.

ஃபிளோரா பாண்டிச்சேரியில் மற்றவர்கள் அடித்ததைத் திருத்தும் இடத்துக்கு உயர்ந்தாள். போன வருடம் கனடாவில் பிரெஞ்சு பேசுகிற மாண்ட்ரியாலுக்கு வேலைக்குப் போய்விட்டாள். போய்ச் சேர்ந்த வாரம் பேசினாள்.

"இங்க வேற மாதிரி பேசுறாங்க வானதி. முதல் நாள் ஒரு சொல்லும் புரியல. அப்பறம் மனசுக்குள்ள எழுதிப் பாத்தேன். எழுத்து அதேதான். பிடிச்சிட்டேன்."

"விரல் ஓடுச்சா?"

"கையுறைக்குள்ள ஓடுச்சு. அது இருக்கட்டும், உனக்குப் பாக்கி இருக்கு. இப்பவே ஒரு பத்தி சொல்லவா? எழுதுறியா?"

பேனா கையில்தான் இருந்தது. "ஃபோன்ல வேணாம்," என்றேன். "நேர்ல வந்து குடு. கூண்டுல உக்காந்து."

"அந்தக் கூண்டைத்தான் அண்ணன் எடுத்துட்டாரே."

"அப்ப வேற இடம் பாரு."

ஒவ்வொரு தடவை பேசும்போதும் கேட்கிறாள். நான் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.