பதினாலு பேர் திருப்பாத சப்பாத்து

பதுளையில் போட்டோகொப்பி, இன்டர்நெட் என்று எல்லாம் செய்து கொடுக்கும் ஒரு கடையில்தான் எனக்கு வேலை. நாள் முழுக்க அடுத்தவர் ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்து, யார் போனை நீட்டினாலும் என்ன ஏது என்று துருவிப் பார்க்கும் குணம் வந்துவிட்டது. நல்ல குணமில்லை என்று அம்மா சொல்வார். அது இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அன்று போனில் வந்தது என் அண்ணனின் மனைவி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். அண்ணி பண்டாரவளையில் இருந்தபடி ஒன்லைன் சந்தைத் தளம் ஒன்றில் வெள்ளை ஸ்கூல் சப்பாத்து விற்கிறார். அதற்காகவே ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலையை விட்டவர். தளத்தில் உள்ள அந்தக் கணக்கு போனால் திரும்பிப் போய் நிற்க அங்கே இடமில்லை. ஸ்கூல் திறக்கும் காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

படத்தில் மேலே ‘அக்கவுண்ட் ஹெல்த்: ஆபத்தில்’ என்று ஆங்கிலத்தில், மஞ்சள் பட்டை. அதற்குக் கீழே ரிட்டர்ன் ரேட் 14.3%, பக்கத்தில் சின்ன எழுத்தில் எட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற குறிப்பு. கடைசியில் பேஅவுட், அதாவது விற்ற காசு, ‘ஹோல்ட்’. நான் பார்த்து முடிப்பதற்குள் அண்ணியே கூப்பிட்டுவிட்டார்.

“யாரும்மா அந்தப் பதினாலு பேரு? என் கைக்குத் திரும்பி வந்தது ஆறு ஜோடிதான். மிச்சம் எட்ட எவன் அமுக்குனான்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது ஆளு இல்ல அண்ணி, வீதம். இந்த மாசம் போய்ச் சேந்தது நாப்பத்திரெண்டு. அதுல ஆறு திரும்புனா நூத்துக்குப் பதினாலு.”

“அப்ப என் காசு?”

“எடுத்துக்கல. இன்னும் திருப்பி அனுப்புறவங்களுக்கு ரீஃபண்ட் குடுக்கணும்ல, அதுக்குப் பிடிச்சு வச்சிருக்காங்க. வீதம் எறங்குனா விட்டுருவாங்க. இதே மாதிரி ஏறுனா கணக்கையே நிப்பாட்டிருவாங்க.”

“ஒரு நாள் போட்டுட்டுத் திருப்பிட்டாளுங்க” என்றார் அண்ணி. அவருடைய கோபம் எப்போதும் யாரையாவது தேடிக்கொண்டுதான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். காசுக்காக இல்லை, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆறு பேர் யாரென்று பார்த்தே ஆக வேண்டும் போலிருந்தது. ரிட்டர்ன் பட்டியலைத் திறந்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: அளவு சிறியது. ஊர்களைப் பார்த்தால் நமுனுகுல, பசறை, கொஸ்லந்தைப் பக்கம். எல்லாம் தேயிலைத் தோட்டங்கள். கொழும்புக்கும் கண்டிக்கும் அதே சப்பாத்துதான் போயிருக்கிறது, அங்கிருந்து ஒன்றுகூடத் திரும்பவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் காலுக்கு மட்டும் அப்படி என்ன வந்தது? திரும்பி வந்த சப்பாத்துகளின் அடிப்பாகங்களைப் புரட்டிப் பார்த்தேன். மண் ஒட்டவேயில்லை. போட்டுவிட்டுத் திருப்பினார்கள் என்ற பேச்சு அத்தோடு போயிற்று.

ஒவ்வொரு பெட்டியாகக் கொட்டினேன். நமுனுகுலவிலிருந்து வந்த ஜோடியின் ஒரு சப்பாத்துக்குள்ளிருந்து ஈர்க்குக்குச்சி ஒன்று விழுந்தது.

இதைப் பார்த்ததும் எங்கள் இருவருக்குமே விளங்கிவிட்டது. பிள்ளையையும் டவுனுக்குக் கூட்டிப்போனால் பஸ் காசு இரட்டிப்பு. அதனால் விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, பிள்ளையின் பாதத்துக்கு அளந்து ஒடித்து, அதை முந்தானையில் முடிந்துகொண்டு கடைக்குப் போவார்கள். நாங்களும் அப்படிச் சப்பாத்து போட்டு வளர்ந்தவர்கள்தான். ஒன்லைனில் வாங்கினாலும் வழக்கம் மாறுமா? குச்சியை ஒடித்து, ஸ்கேலில் வைத்து, அண்ணி போட்டிருந்த அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டு வாங்கி, வந்ததும் அதே குச்சியை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

நானும் குச்சியை அளந்தேன். பட்டியலில் மூன்றாம் நம்பருக்கு எழுதியிருந்த அதே சென்டிமீட்டர். சப்பாத்தின் அடியில் வைத்தால் நுனிக்கு நுனி சரி. உள்ளே விட்டால் வளைந்து நின்றது.

“அளவு எங்க எடுத்தீங்க அண்ணி?”

“அடியிலதான். டேப்ப வச்சு, மில்லிமீட்டர் பெசகாம எடுத்தேன்.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “அய்யய்யோ. கால் உள்ளயில்ல போகும்.”

கொழும்பில் வாங்கியவர்கள் பட்டியலைப் பார்க்கவேயில்லை. வழக்கமான நம்பரைத் தட்டிவிட்டார்கள், தப்பித்தார்கள். பட்டியலை நம்பிக் கவனமாக அளந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஒரு மணி நேரத்தில் உள்ளளவை எடுத்துப் பட்டியலைத் திருத்தினோம். என்ன தவறு, எப்படிச் சரிசெய்தோம் என்று தளத்துக்கு விளக்கமும் எழுதினேன். இனி புதிய ஓடர்கள் ஒழுங்காகப் போய்ச் சேரும், வீதம் தானாக இறங்கும், காசும் வரும். எனக்குப் பெருமையாக இருந்தது. டீ போடுங்கள் என்றேன்.

அண்ணி எழும்பவில்லை. ஓடர் பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

“இங்க பாரு. தோட்டத்துப் பக்கம் போனது இன்னும் பதினாலு இருக்கு. அதெல்லாம் ஏன் திரும்பல?”

எனக்கு அது தோன்றவேயில்லை. திரும்பி வந்ததைத்தான் தளம் எண்ணிக் காட்டுகிறது. இறுக்கமான சப்பாத்தோடு சும்மா இருப்பவரைக் காட்ட அதில் கட்டமில்லை.

“சொல்லாம இருக்காங்கன்னா சரியா இருக்கும்” என்றேன்.

“திருப்பத் தெரியாம இருந்தா?”

தளத்தின் சாட்டிலேயே எல்லோருக்கும் எழுதினார்: சப்பாத்து சரியா இருக்குங்களா? சிலர் சரி என்றார்கள். சிலர் வாய் திறக்கவில்லை. நான்கு பேர் இல்லை என்றார்கள். ஒரு தாய் குரல் பதிவைப் போல நீளமாகத் தட்டியிருந்தார்: “புள்ள குதிகால மடிச்சு மிதிச்சிக்கிட்டு வீட்டுக்குள்ள நடந்து பழகுறான். ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள தோல் இளகிரும்னு சொன்னாங்க. நீங்க கேட்டதுக்கு நன்றிங்க.”

நான் சொன்னேன்: “நாலு பேரும் திருப்புனா வீதம் இருபத்தி மூணத் தாண்டிரும். கணக்கு போயிரும் அண்ணி.”

“தபால்ல வேற ஜோடி அனுப்பிட்டா?”

“தளத்துக்கு வெளிய மாத்திக் குடுத்தா அதுக்குத் தனி குத்தம். திருப்புறதுன்னா ரிட்டர்ன் போட்டுத்தான்.”

விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் நினைத்தேன். அவரும் அதைப் புரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு, “தோல் இளகாது புள்ள. அது ரெக்சின்” என்றார்.

நான்கு பேருக்கும், எங்கே தட்ட வேண்டும், என்ன காரணம் தெரிவுசெய்ய வேண்டும், பழைய பெட்டியிலேயே எப்படிக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினார். தப்பு எங்களுடையது, காசு முழுக்கத் திரும்ப வரும், ஒரு நம்பர் கூட்டி வாங்குங்கள் என்றும் எழுதினார். நான் ஆங்கிலப் பட்டன்களின் படங்களை எடுத்துக் கொடுத்தேன். கடைசி பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பினேன்.

கணக்கு பிழைத்தது. ரீஃபண்ட் கழித்து மிச்சக் காசும் தாமதமாக வந்தது. ஆனால் அதெல்லாம் ஸ்கூல் திறந்து வெகு நாட்களுக்குப் பிறகு. சப்பாத்து விற்கும் அந்தச் சீசன் முழுக்கத் தளம் அண்ணியின் விற்பனைப் பக்கத்தை மறைத்துத்தான் வைத்திருந்தது. அப்படி ஆகும் என்றோ, அத்தோடு விடுவார்கள் என்றோ எங்களுக்கு அப்போது தெரியாது.

நான் போய்வந்த அந்த வார நடுவில் அண்ணியிடமிருந்து இன்னொரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. மஞ்சள் பட்டை சிவப்பாகியிருந்தது. ரிட்டர்ன் ரேட் 23.8%. பேஅவுட் அப்படியே ஹோல்டில். படத்தின் கீழே அண்ணி இரண்டு ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருந்தார்: “நாலு பேரும் திருப்பிட்டாங்க!!”