நடு வளைவில் பிரேக்

வண்டி எப்போது கவிழ வேண்டும் என்று தீர்மானிப்பது என் தொழில். கலியாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் கணினி வேலை என்று சொல்லிவிட்டு வடையை வாயில் போட்டுக்கொள்வேன். ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். “கேம் விளையாடுறதுக்கோ சம்பளம் தாறாங்கள்?” என்று சித்தப்பா கேட்டார். அன்றிலிருந்து வடைதான்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், இரண்டு அறைகளில் எங்கள் நிறுவனம் இருந்தது. நிறுவனம் என்றால் நானும், தெஹிவளையிலிருந்து ரயிலில் வரும் என் தொழில் கூட்டாளியும். அவன் படம் வரைவான், நான் அந்தப் படத்தை ஓடவைப்பேன். என்னைவிட ஆறு வயது இளையவன். அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே சண்டை பிடிப்பான். கொழும்புத் தெருக்களில் முச்சக்கரவண்டி ஓட்டும் கைபேசி விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம்.

எங்களுக்குள் சண்டை ஒன்றே ஒன்றுதான். வண்டி சிமுலேஷனாக ஓட வேண்டும் என்பது நான். ஆர்கேடாக ஓட வேண்டும் என்பது அவன். சிமுலேஷன் என்றால் நிஜ வண்டியின் போக்கு அப்படியே, ஒவ்வொரு டயருக்கும் தனிக் கணக்கு. டயருக்குப் பிடிப்பைக் கொடுப்பது அதன்மேல் இருக்கும் பாரம். பிரேக் பிடித்தால் பாரம் முன்னுக்குப் போகும், திருப்பினால் வெளிப்பக்கச் சில்லுக்குப் போகும். பாரம் போன இடத்தில் பிடிப்புக் கூடும், விட்டுப்போன இடத்தில் குறையும். டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் நடுவில் உள்ள கோணம் கூடக் கூடப் பிடிப்பும் ஏறும், ஓர் உச்சியைத் தொட்டதும் இறங்கத் தொடங்கும். உச்சியைத் தாண்டினவனுக்கு வண்டி இரக்கம் காட்டாது.

ஆர்கேடில் இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. உச்சிக்குப் பிறகும் பிடிப்பை இறங்கவிடாமல் வைத்துவிடுவோம். பாரம் எங்கே போனாலும் டயருக்கு அதைச் சொல்லமாட்டோம். “சனம் பஸ்ஸில நிண்டுகொண்டு ஒரு கையால விளையாடும் அக்கா. அதுகளுக்கு என்னத்துக்குப் பாரம்?” என்பான் கூட்டாளி. அவன் சொன்னது சரி. அதனாலேயே எனக்குக் கோபம் வரும்.

முச்சக்கரவண்டியில் இன்னொரு சிக்கல். உயரம் அதிகம், அகலம் குறைவு. காய்ந்த தெருவில் டயர் வழுக்குவதற்கு முன்பே வண்டி கவிழ்ந்துவிடும். ஆர்கேடுக்காகப் பிடிப்பைக் கூட்டினால் இன்னும் விரைவாகக் கவிழும். ஆகவே இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற களவொன்றை நானும் செய்தேன். வண்டியின் பாரம் மையம் கொள்ளும் இடத்தைக் கீழே இறக்கினேன். ஆர்கேட்மேல் இருந்த ஆத்திரத்தில் கொஞ்சம் கூடவே இறக்கிவிட்டேன். அது தெருவுக்கு அடியில் ஒரு முழம் போய்விட்டது.

அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓட்டுநர். இருபது வருடமாக முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். எங்கள் வண்டி வண்டிபோல இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் இடைவெளியில் பின்னேரங்களில் வருவார். கைபேசியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வளைவைத் திருப்பினார். வெளிப்பக்கம் சாய வேண்டிய வண்டி உள்பக்கம் சாய்ந்தது.

“மோட்டர் சைக்கிள் மாதிரி சாயுது மிஸ்” என்றார்.

பாரம் தெருவுக்கு அடியில் இருந்தால் அப்படித்தான் சாயும். கூட்டாளி கதிரையில் இருந்து விழாத குறையாகச் சிரித்தான். வண்டியின் உடம்பை அசையாமல் பூட்டிவிட்டு, மேலே இருக்கும் படத்தை மட்டும் வெளிப்பக்கம் சாய்க்கும்படி எழுதினேன். அதன் பிறகு அந்த வண்டி பாரம் இருப்பதுபோல அழகாக நடித்தது. எனக்குத்தான் அதைப் பார்க்க வயிறு எரிந்தது.

அடுத்த தடவை அவரிடம் என் சிமுலேஷன் வண்டியைக் கொடுத்தேன். இரண்டாவது வளைவில் கவிழ்ந்தது. அவர் கைபேசியை மேசையில் வைத்தார். பிறகு, “இதுல எங்கட பக்கத்து வளைவ போடலாமா?” என்று கேட்டார்.

எட்டு மாதத்துக்கு முன் அவருடைய வண்டி கவிழ்ந்திருந்தது. கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கம் இறங்கும் சரிவில் ஒரு வலப்பக்க வளைவு. பின்னால் மனைவி இருந்தார். வளைவின் நடுவில் நாய் குறுக்கே பாய்ந்தது. இவர் பிரேக் பிடித்தார். வண்டி இடப்பக்கம் சாய்ந்து விழுந்ததில் மனைவியின் மணிக்கட்டு உடைந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து மனைவி அவருடைய வண்டியில் ஏறுவதில்லை. கோயிலுக்கும் பஸ், சந்தைக்கும் பஸ், தங்கச்சி வீட்டுக்கும் பஸ்.

“வேகமா போனீங்கன்னு சொல்றா மிஸ். நான் வேகமா போகல. பிரேக் புடிச்சதாலதான் கையோட போச்சு. இல்லாட்டி என்னா ஆகியிருக்கும்? அத நீங்க காட்டணும். அவ பாக்கணும்.”

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மனிதருடைய துன்பம் எனக்கு அப்போது படவில்லை. என் சிமுலேஷனுக்கு முதல்முறையாக ஒரு தேவை வந்திருக்கிறது என்பதுதான் பட்டது. மறுநாளே அவரோடு போய்ச் சரிவை அளந்தேன், வண்டியை அளந்தேன், மனைவியின் நிறையைக் கேட்டேன். கூட்டாளி வளைவை வரைந்தான். நாயையும் வரைந்தான். அதற்கு ஒரு காது மடிந்திருந்தது.

அவர் சொன்ன வேகத்தில், பிரேக் பிடிக்காமல் விட்டுப் பார்த்தேன். உள்பக்கப் பின்சில்லில் பாரம் நன்றாகக் குறைந்தது, ஆனால் சில்லு தெருவை விடவில்லை. வண்டி கவிழாமல் போய்விட்டது. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, விட்டுவிட்டுத் திருப்பினேன். அதுவும் போய்விட்டது. நடு வளைவில் பிரேக் பிடித்தேன். கவிழ்ந்தது. நிறையைக் கொஞ்சம் கூட்டினேன், குறைத்தேன், சரிவை மாற்றினேன். அந்த வேகத்தில் நடு வளைவில் பிடித்தால் கவிழ்ந்துகொண்டே இருந்தது.

காரணம் எளிது. பின்னால் இரண்டு சில்லு, முன்னால் ஒன்று. பிரேக் பிடித்தால் பாரம் முன்னுக்கு ஓடுகிறது. முன்னால் வண்டிக்கு அகலமே இல்லை, பக்கவாட்டில் தாங்க ஆளில்லை. திரும்புகிற நேரத்தில் அதைச் செய்தால் வண்டி வேறு என்னதான் செய்யும்?

“இதச் சொல்லப் போறீங்களா?” என்று கூட்டாளி கேட்டான்.

“கேட்டவர்தானே.”

“அவர் கேட்டது வேற அக்கா. பிரேக் காப்பாத்திச்சு எண்டு காட்டச் சொன்னவர். ஆர்கேட் வண்டியில அந்த வளைவப் போட்டுக் காட்டி அனுப்புங்க. சந்தோஷமாப் போவார்.”

நான் பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. வண்டி விஷயத்தில் மட்டும் வாய் வராது. அடுத்த பின்னேரம் அவர் வந்ததும் மூன்றையும் ஓடவிட்டுக் காட்டினேன். வேகத்தை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்றும், என் கணக்கு அன்றைய தெருவைக் கண்டதில்லை என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. திரையில் கவிழ்ந்து கிடந்த வண்டியையே பார்த்தார்.

“அப்ப நான்தான்” என்றார்.

தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அவர் குடிக்காமல் போய்விட்டார். அந்தக் கிழமை வரவே இல்லை. கூட்டாளி என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. நானும் என்னையே ஏசாத ஏச்சு இல்லை. அளவுநாடாவோடு அவர் வீட்டுப் பக்கம் போன உற்சாகத்தை நினைக்க நினைக்கக் கூசியது.

அடுத்த கிழமை கதவைத் தட்டினார். பின்னால் மனைவி. அவர் வண்டியில் வந்தார், மனைவி பஸ்ஸில் வந்து ஒழுங்கை முனையில் சேர்ந்துகொண்டாராம். மெலிந்த உருவம், கண்ணில் ஒரு கண்டிப்பு. கதிரையில் இருந்ததும் வலது கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“சொல்ல வாய் வரல மிஸ். நீங்க காட்டுங்க” என்று ஓட்டுநர் என் காதோடு சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டாளி முந்திக்கொண்டு கைபேசியை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டான். ஆர்கேட் வண்டிதான். எது பிரேக், எது திருப்புவது என்று காட்டினான். அவர் இடது பெருவிரலால் மெதுவாகத் தொடங்கி, சரிவில் இறங்கி, வளைவுக்குள் போனார். மடிந்த காது நாய் பாய்ந்தது. அவர் பிரேக்கை அமுக்கினார். வண்டி கிரீச்சென்று சத்தம் போட்டு, அழகாகச் சாய்ந்து, நேராக நின்றது. நாய் போய்விட்டது.

“நல்லாத்தானே நிக்குது” என்று புருஷனைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அது விளையாட்டு வண்டி, அக்கா. கவிழாத மாதிரி நான் செய்து வச்சது” என்று சொல்லி, சிமுலேஷனுக்கு மாற்றிக் கொடுத்தேன். “இது உங்கட வண்டி.”

அதே சரிவு, அதே வளைவு, அதே நாய். அவர் அமுக்கினார். வண்டி கவிழ்ந்தது.

“புடிக்காம போனா?” என்று மனைவியே கேட்டார்.

“கவிழாது.”

ஓட்டுநர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “நான் புடிச்சதாலதான் கவிழ்ந்திச்சு. வேகம் இல்ல. உன் கை என்னாலதான் போச்சு. எட்டு மாசமா மாத்தி சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

மனைவி மறுபடி ஓட்டினார். இந்த முறை நாய் வரும் என்று தெரியும், பிடிக்கக் கூடாது என்றும் தெரியும். நாய் பாய்ந்ததும் அமுக்கினார். கவிழ்ந்தது. இன்னொரு தரம். பல்லைக் கடித்துக்கொண்டு பெருவிரலைத் திரைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். நாய் வந்தது, விரல் இறங்கியது, வண்டி கவிழ்ந்தது.

கைபேசியை மேசையில் வைத்தார்.

“கூடாதுன்னு தெரியுது. வெரல் கேக்குதில்ல” என்றார்.

“எனக்கும் கால் கேக்கல” என்றார் புருஷன்.

மனைவி மணிக்கட்டைத் தடவிக்கொண்டே எழுந்தார். கதவடியில் நின்று புருஷனைத் திரும்பிப் பார்த்தார்.

“வண்டிய எங்க போட்டிருக்கீங்க? வாங்க, போவம். வளைவு வரக்குள்ள நான் பின்னால இருந்து சொல்றேன். அப்ப கால எடுங்க.”