மேல் பொத்தான்

பிள்ளைங்களா, போன வாரம் உங்கள்ல ஒருத்தர், காலேஜ் கட்டுரையை வாத்தியார் திருப்பித் தந்துட்டார்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு வந்தீங்க. "நடை இறுக்கமா இருக்குதாம், கொஞ்சம் தளர்த்தணுமாம். எப்படிப்பா தளர்த்தறது?" என்று என்னைக் கேட்டீங்க. பத்தாவதோடு நின்றவனைக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அதே கேள்வியோடு நான் ஒரு பொங்கல் லீவு முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். நடந்ததை எழுதுகிறேன். பதில் இதில் இருந்தால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் நடுவில் நான் விழுப்புரத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு டைப்படிக்கிற கடையில் வேலையாக இருந்தேன். தமிழ் மிஷின் ஒன்று, இங்கிலீஷ் மிஷின் ஒன்று. தமிழ் மிஷின் என் பொறுப்பு. பட்டா மாற்றம், கிணற்றுத் தகராறு, வாரிசுச் சான்று என்று கோலியனூர், வளவனூர் ஜனங்கள் எல்லாம் வருவார்கள். அவர்கள் வாயால் சொல்வார்கள், நான் மனுவாக்குவேன். "எங்க பங்காளி வரப்பை வெட்டிட்டாங்க" என்பார் ஒருவர். "மேற்படி நபரால் மேற்படி வரப்பானது சேதப்படுத்தப்பட்டுள்ளது என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகின்றேன்" என்று என் விரல் தானாக அடிக்கும். அடித்ததைப் படித்துக் காட்டினால் அவருக்கே தன் வழக்கு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கும். எனக்கும் பெருமைதான்.

உங்கள் அத்தை, அதாவது என் தங்கை, அப்போது யுனிவர்சிடியில் எம்.ஏ. தமிழ் கடைசி வருஷம். எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் படித்தது அவள் ஒருத்திதான். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை சாகுபடியில் நம் பக்கத்துப் பெண்கள் பேசுகிற சொற்களைப் பற்றி ஒரு நீளக் கட்டுரை எழுதியிருந்தாள். லீவு முடிந்து திறக்கிற அன்றைக்கு, வழிகாட்டும் பேராசிரியர் கையெழுத்தோடு அதைத் துறையில் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லையென்றால் அந்த வருஷம் போச்சு. இன்னொரு வருஷம் அனுப்ப மாட்டேன் என்று எங்கள் அப்பா பொங்கல் பானை வைத்த அன்றைக்கே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பார்க்கிற பேச்சும் நடந்துகொண்டிருந்தது.

பேராசிரியருக்குச் சொந்த வீடு திண்டிவனம். லீவுக்கு அங்கேதான் வந்திருந்தார். ஆகையால் ஏற்பாடு இப்படி: அவள் எழுதிய தாள்களை நான் டைப்படித்து, ரயிலேறிப் போய் அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அவளுக்கு அந்த வாரம் ஜுரம். அடித்ததை அவள் படித்துப் பார்க்கவில்லை. "நீ அடிச்சா தப்பு இருக்காதுண்ணா" என்றாள்.

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லைதான். ஆனால் நான் சும்மா அடிக்கவில்லை. யுனிவர்சிடிக்குப் போகிற காகிதம், தாசில்தாருக்குப் போவதைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டாமா? அவள் எழுதியிருந்தது: "வளவனூர் வட்டாரத்தில் நிலக்கடலைக் காய் பிரித்தல் 'ஆய்தல்' என வழங்கப்பெறுதல் ஈண்டு நோக்கத்தக்கது." நான் அடித்தது: "மேற்படி வட்டாரத்தைச் சார்ந்த மகளிரால் நிலக்கடலைச் செடியினின்றும் காய்கள் பிரித்தெடுக்கப்படும் செயலானது 'ஆய்தல்' என வழங்கப்பட்டு வருகின்றது என்பது இதனால் தெரியவருகின்றது." படித்துப் பார்த்தேன். கம்பீரமாக இருந்தது.

பேராசிரியர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நாலு பக்கம் படித்தார். மூச்சு வாங்குகிறவர் மாதிரி கண்ணாடியைக் கழற்றினார். முதல் தாளின் தலையில் பென்சிலால் எழுதினார்: "கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கிறது. மேல் பொத்தானைக் கழற்றவும். சட்டையைக் கழற்ற வேண்டாம்."

"விஷயமெல்லாம் சரியா இருக்குதுங்களா ஐயா?" என்றேன்.

"விஷயம் நல்லா இருக்கு. வெளியே வர வழியில்லாம உள்ளே உட்கார்ந்திருக்கு. தளர்த்தி எடுத்துக்கிட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்."

திரும்பி வரும்போது ரயிலில் அந்தப் பென்சில் வரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவருக்கு என்ன வேண்டும் என்று பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: பொத்தான் போட்டது நான்தான். தங்கையிடம் சொல்லப் பயம். "ஐயா ஊர்ல இல்ல, நாளை மறுநாள் வரச் சொன்னாங்க" என்று பொய் சொல்லிவிட்டு, நானே தளர்த்துவது என்று முடிவு செய்தேன்.

தளர்த்துவது என்றால் பேசுகிற மாதிரி எழுதுவது, அதுதானே? கடையில் உட்கார்ந்து மறுபடி முழுக்க அடித்தேன். "நம்ம வளவனூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், மல்லாட்டை ஆயறதுன்னுதான் ஊரே சொல்லும்!" ஒவ்வொரு பக்கத்திலும் ஆச்சரியக்குறி. கேட்ட பதினொரு பெண்களில் ஒன்பது பேர் இப்படிச் சொன்னார்கள், இரண்டு பேர் அப்படிச் சொன்னார்கள் என்று அவள் எழுதியிருந்த கணக்கெல்லாம் பேச்சுக்கு இடைஞ்சலாக இருந்தது, எடுத்துவிட்டேன். அடிக்குறிப்புகளில்கூட "இதை ஒரு பெரியம்மா சொன்னாங்க" என்று போட்டேன். பக்கத்து மிஷின்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, டிராமா எழுதறியா?" என்றார். நல்ல அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

பேராசிரியர் இந்தத் தடவை ரெண்டு பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை. "இப்போ சட்டையே போயிடுச்சே" என்றார். கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அந்தப் பதினொரு பொம்பளைங்க எங்கே போனாங்க? 'ஊரே'ன்னு எழுதினா யாரு ஏத்துக்குவாங்க? இதுல எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"தளர்த்தச் சொன்னீங்களே ஐயா..."

"நடையைத் தளர்த்தச் சொன்னேன். பிடியை விடச் சொல்லல. ஆமா, எழுதினது உங்க தங்கச்சியா, நீங்களா?"

தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். யுனிவர்சிடி திறக்க மூன்று நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜுரம் விட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள், ரெண்டு பிரதியையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். 'மேற்படி'க்கு வந்ததும் முகம் சிவந்தது.

"மேற்படியா? அண்ணா, இது இன்னா கிணத்துத் தகராறா?"

"மரியாதையா இருக்கட்டும்னுதாம்மா..."

"என் வருஷம் போயிடுமே!" அழப்போகிறாள் என்று நினைத்தேன். ரெண்டாவது பிரதியில் ஆச்சரியக்குறிகளைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கஞ்சி புரையேறியது. சிரித்து முடித்துத் தன் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் படித்தாள். சிரிப்பு நின்றது. "என்னுதும் இறுக்கந்தாண்ணா," என்றாள் மெல்ல. "நான் மூணு பொத்தான் போட்டேன், நீ மிச்சத்தைப் போட்ட."

மறுநாள் ஞாயிறு. முதலாளியிடம் சாவி வாங்கி, கடையைத் திறந்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவள் ஒவ்வொரு வாக்கியமாக வாய்விட்டுப் படித்தாள். மூச்சு முட்டுகிற இடத்தில் ரெண்டாக வெட்டினாள். "இதுல யாரு ஆயறா? ஆளையே காணோமே" என்று சொல்லி ஆளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினாள். 'ஈண்டு நோக்கத்தக்கது' எங்கே வந்தாலும் கோடு போட்டு வெட்டினாள். "நோக்கறவங்க நோக்கிக்கட்டும்."

கடைசியில் நான் அடித்தது இது: "வளவனூர்ப் பக்கத்துப் பெண்கள், மல்லாட்டைச் செடியிலிருந்து காயைப் பிரிப்பதை 'ஆய்வது' என்கிறார்கள். நான் பேசிய பதினொரு பேரில் ஒன்பது பேர் இப்படிச் சொன்னார்கள். இருவர் 'பறிப்பது' என்றார்கள்."

"'நான்'னு போடலாமா? யுனிவர்சிடி ஒத்துக்குமா?"

"நான்தானே போய்க் கேட்டேன்? வேற யாரு? ஆனா பக்கத்துக்குப் பத்து 'நான்' போட்டா காக்கா கத்தற மாதிரி ஆயிடும்."

எனக்குக் கொஞ்சம் பிடிபட்ட மாதிரி இருந்தது. உற்சாகத்தில் ஒரு அடிக்குறிப்பில் கை வைத்தேன். மணிக்கட்டில் ஒரு தட்டு விழுந்தது. "அதைத் தொடாதே. யாரு, எந்த ஊரு, எப்போ சொன்னாங்க, அது அப்படியே இருக்கணும். சொல் பட்டியலும் அப்படியே." அடுத்து 'பெரும்பாலும்' என்ற சொல்லை நீட்டலாக இருக்கிறதே என்று விட்டேன். அதற்கும் தட்டு. "ஒன்பது பேர் சொன்னதை எல்லாரும் சொன்னதா ஆக்கறியே. அது தளர்த்தறது இல்ல, புளுகறது."

இதற்குள் இன்னொரு குழப்பம். குப்பைக்குப் போக இருந்த என் ரெண்டாவது பிரதியிலிருந்து ஒரு வரியை அவளே எடுத்துக்கொண்டாள்: "மண் ஈரமாக இருந்தால் செடி கையோடு வரும், காய்ந்துவிட்டால் களைக்கொத்து வேண்டும்." அதன் வாலில் 'உசுரை வாங்கிடும்' என்று நான் எழுதியிருந்ததை மட்டும் வெட்டினாள்.

"இது ஆகும், அது ஆகாதா? ரெண்டும் பேச்சுதானே?"

யோசித்தாள். "தெரியலண்ணா. 'கையோடு வரும்'னா என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியுது. 'உசுரை வாங்கிடும்'னா நீ அலுத்துக்கறது மட்டுந்தான் தெரியுது." பிறகு அவளே, "அது சரியான்னும் தெரியல" என்றாள். அவளே அப்படிச் சொன்னால் நான் எங்கே போவேன்?

திங்கட்கிழமை முதல் வண்டிக்குத் திண்டிவனம். அவளும் வந்தாள். பேராசிரியர் முழுவதும் படித்தார். காபி ஆறியது. ஒரு இடத்தில் பென்சிலை எடுத்தார். பென்சிலைத் திரும்ப வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். எந்த இடத்தில் பென்சிலை எடுத்தார், ஏன் வைத்தார் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"'கையோடு வரும்' நல்லா இருக்கும்மா" என்று மட்டும் அவளிடம் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். அது யாருடையது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

அவள் அங்கிருந்தே மயிலம் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லி பஸ் ஏறினாள். நான் நேரே கடைக்கு வந்தேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மிஷின் பக்கத்தில், வெள்ளிக்கிழமை பாதியில் விட்ட மனு அப்படியே கிடந்தது. கோலியனூர்க்காரர் ஒருவருடைய கிணற்றுக்குப் போகிற பாதைத் தகராறு. சர்வே எண், தேதி, சாட்சிகள் பேர் எல்லாம் சரியாக இருந்தது. இதில் எது பொத்தான், எது சட்டை என்று வெகுநேரம் பார்த்தேன். தாசில்தார் என்ன நினைப்பாரோ என்றும் இருந்தது.

தாளை மிஷினில் சொருகி, உருளையைத் திருப்பி மேலே ஏற்றினேன். ரப்பரை எடுத்து, மூன்று 'மேற்படி பாதை'களில் ஒன்றை மட்டும், தாள் கிழியாமல் அழித்தேன். பொடியை ஊதிவிட்டு, அந்த இடத்தில் 'இந்தப் பாதை' என்று அடித்தேன்.