நான்கு வசனங்களும் அத்தானும்

என் அத்தானுக்குத் தாய்லாந்து மொழி தெரியும் என்பது மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடம் முழுவதும் அறிந்த செய்தி. கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்ரை நம்பிப் பதினொரு மாதம் பாங்கொக்கில் ஓர் அறைக்குள் கிடந்தவர் அவர். அந்தப் பதினொரு மாதத்தையும் பட்டம் வாங்கிய கதைபோலச் சொல்லுவார். தொண்ணூறுகளின் நடுவில் எங்களிடம் வேறு பட்டம் அதிகம் இருக்கவில்லை. அதனால் நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதிலேயே ஒரு கொட்டை வாயில் பட்டால் உதடு தடிக்கும், தொண்டை கடிக்கும். வீட்டில் அதற்கு வைத்த பெயர் "செல்லம்". கச்சான் தின்று செத்தவன் எவன் என்று கேட்டுச் சிரிப்பார்கள். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் குடியுரிமை கிடைத்த கையோடு அத்தான் எங்களை ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மெனுவை மூடி வைத்துவிட்டு எல்லோருக்கும் அவர்தான் ஓடர் கொடுத்தார். பரிமாறும் பெண் சிரிக்க, இவர் இன்னும் சத்தமாகப் பேசினார்.

"அத்தான், எனக்குக் கச்சான் கூடாதெண்டு சொல்லுங்கோ. பகிடியில்லை, மூச்சு அடைக்கும்."

"ஓமோம், சொல்லிப்போட்டன். நீ பேசாமல் இரு பிள்ளை."

என் இறால் நூடில்ஸ் வந்தது. தேசிக்காய்த் துண்டைப் பிழிந்து முடித்த பிறகுதான் மேலே இடித்த கச்சானைக் கண்டேன். அத்தான் கையைத் தட்டி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய் மூன்று நிமிடத்தில் திரும்பி வந்தாள். கச்சான் இல்லை. புதுத் தட்டு என்று நம்பி நான்கு வாய் சாப்பிட்டேன். ஐந்தாவதற்குக் கரண்டியைத் தூக்கியபோது ஓரத்தில் கிடந்த தேசிக்காய்த் துண்டைப் பார்த்தேன். பிழிந்த துண்டு. நான் பிழிந்த அதே துண்டு.

அதற்குப் பிறகு நினைவில் இருப்பவை சில்லறைகள்தான். அக்கா என் பெயரைச் சொல்லிக் கத்தியது, கூரையின் சிவப்பு விளக்கு, அம்புலன்ஸ்காரன் தொடையில் போட்ட ஊசி. ஆஸ்பத்திரி டொக்டர் இனி எந்நேரமும் கைப்பையில் அட்ரினலின் ஊசி இருக்கவேண்டும் என்றும், மேலே கிடப்பதைத் தட்டி விட்டால் போதாது, கச்சான் பட்ட தட்டே ஆகாது என்றும் சொன்னார். அத்தான் கட்டில் ஓரத்தில் நின்று, "கனடா வந்தாப்பிறகுதான் உந்த வருத்தமெல்லாம்" என்றார். அந்த வசனத்தை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

பழி வாங்கவேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். பாதிப் பழி அத்தானுக்கு. மீதிப் பாதி, கச்சானைத் தட்டிவிட்டு அதே தட்டைத் திருப்பி அனுப்பிய அந்தச் சமையல்காரிக்கு. அவரவர் பாஷையிலேயே கேட்கவேண்டும் என்று நினைத்தேன்.

நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் ஒரு தாய்லாந்துப் பெண் இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முதலில் சிரிக்கவில்லை. பிறகும் சிரிக்கவில்லை. "விருப்பமில்லை என்று சொன்னால் மேலே கிடப்பதைத் தட்டிவிட்டுத் தருவார்கள். அவர்களுக்கு அது மரியாதைதான். நீ அலர்ஜி என்று சொல்லு, செத்துவிடுவேன் என்று சொல்லு" என்றாள். நான்கு வசனம் தந்தாள்.

சன் பே துவா லிசோங். எனக்குக் கச்சான் அலர்ஜி. கின் லேவ் தாய். சாப்பிட்டால் செத்துப்போவேன். மாய் சாய் துவா லெய். கச்சான் கொஞ்சமும் போடவேண்டாம். லாங் கரத்தா கோன். முதலில் சட்டியைக் கழுவுங்கள்.

"பே" மேலே போகவேண்டும், "துவா" கீழே கிடக்கவேண்டும். நான் பிழைவிடும்போதெல்லாம் அவள் மேசையில் விரலால் தட்டினாள். "பரிமாறுபவளிடம் சொல்லாதே, சட்டி பிடிப்பவளிடம் சொல்லு. கறி கேட்காதே, சில கறிக்கூட்டிலேயே கச்சான் அரைத்திருக்கும்" என்றாள். மூன்று வாரம் ஊசி நூலோடு அந்த நான்கு வசனத்தையும் தைத்துக்கொண்டிருந்தேன். அத்தானிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த ஆண்டு அக்காவின் பிறந்தநாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டார்கள். அதே கடை என்றேன். அக்கா பயந்துபோனாள். அத்தான், "பாத்தியா, அவளே அதை விட்டுட்டாள்" என்றார்.

அவர் மெனுவை மூடினார். நான் எழுந்தேன். கைப்பையிலிருந்து ஊசியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினி வாசலுக்குப் போனேன். சட்டி பிடித்துக்கொண்டிருந்தவள் ஐம்பது வயதுப் பெண். அடுப்புக்குப் பக்கத்தில் இடித்த கச்சான் ஒரு கிண்ணத்தில் இருந்தது. அவள் கையால் அள்ளிப் போடும் தூரம். நான்கு வசனத்தையும் சொன்னேன். "பே" மேலேதான் போனது.

அவள் அடுப்பை அணைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அம்புலன்ஸ் வந்த நாளில் நின்றவள் அவள்தான்.

சமையல்காரி கையைத் துடைத்துக்கொண்டு நேரே எங்கள் மேசைக்கு வந்து அத்தானுக்கு முன்னால் நின்று பேசத் தொடங்கினாள். சத்தம் போடவில்லை. நிறுத்தவும் இல்லை. அத்தானின் முகம் பழப்புளிபோலக் கறுத்தது.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"ஒண்டுமில்லை. சாப்பாடு எப்பிடியெண்டு கேக்கிறா."

"வடிவாச் சொல்லுங்கோ அத்தான்" என்றேன். "எங்களுக்கு நீங்கள்தானே மொழிபெயர்ப்பாளர். பிழைவிட்டால் திருத்த இங்கிலிஷ் தெரிஞ்ச ஆள் பக்கத்திலை நிக்கிறா."

அதையே பரிமாறும் பெண்ணிடம் இங்கிலிஷில் சொன்னேன். அவள் தலையாட்டினாள். வேறு வழியில்லை. அத்தான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"போன வருசம் நான் அலர்ஜி எண்டு சொல்லேல்லையாம். தங்கச்சிக்குச் செல்லம், விருப்பமில்லை, மேலை கிடக்கிறதைத் தட்டிவிட்டால் காணும் எண்டு சொன்னனாம்."

"பிறகு?"

"நீ ஆஸ்பத்திரிக்குப் போனாப்பிறகு, இறால் பழுது எண்டு நான் முதலாளிக்குச் சொன்னனாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதர். அந்த இறாலைப் பார்த்து வாங்கியவள் இந்தச் சமையல்காரிதானாம். ஒரு பெட்டி இறாலைக் கொட்டச் சொல்லி, ஒரு மாதம் அவளைச் சட்டி கழுவ விட்டார்களாம். அவளுக்காக நான் வைத்திருந்த பாதிப் பழியையும் எடுத்து அப்படியே அத்தானின் தலையில் வைத்தேன். தாராளமாக வைத்தேன்.

அவள் கடைசியாக ஒன்றைச் சொன்னாள். அத்தான் அதை மொழிபெயர்க்காமல் தண்ணீர்க் கிளாசைத் தூக்கினார்.

"சொல்லுங்கோ" என்றாள் அக்கா. இந்தமுறை அக்காதான்.

"உன்ரை தங்கச்சி செத்திருந்தால், என்ரை கையாலை செத்திருப்பாள் எண்டு சொல்லுறா. ஒரு வருசமா அதை நினைச்சு நித்திரை இல்லையாம்."

சமையல்காரி குசினிக்குப் போனாள். சட்டி கழுவும் சத்தம் எங்கள் மேசைவரை கேட்டது. நெடுநேரம் கழுவினாள். பிறகு என் தட்டைத் தானே கொண்டுவந்து வைத்தாள். ஓரத்தில் தேசிக்காய்த் துண்டு பிழியாமல் இருந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் பக்கத்தில் நின்றாள்.

நான் ஆறுதலாகத்தான் சாப்பிட்டேன். அத்தான் தன் தட்டைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அவர் தாய்லாந்து மொழி பேசி நான் கேட்டதில்லை.